ஆறு பெட்டியா, ஒரே மெஷினா

தெரணியகலைக்கு மேலே, தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, நானும் என் வீட்டுக்காரரும் ஆறு அறை விடுதியாக மாற்றினோம். ஏ.சி. போடும் நேரம் வந்தது.

"வெளியில ஆறு பெட்டி வச்சா பங்களா அசிங்கமாயிரும். ஒரே மெஷின்ல எல்லா அறைக்கும் போடுறாங்களாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதே ஆசைதான்.

மாவனல்லையிலிருந்து வந்த மெக்கானிக்கை, அண்ணன் முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். அறைகளை அளந்தவர், "மொதல்ல அத கண்ணால பாருங்க, தங்கச்சி" என்று, தான் பராமரிக்கும் பெரிய ஹோட்டலின் மொட்டைமாடிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

அலுமாரி உயரத்தில் ஒரு மெஷின். அதில் மடிக்கணினியைச் செருகிவிட்டு, கீழே போன் பண்ணி அறை ஏ.சி.களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். ஒவ்வொரு அறைக்கும் திரையில் ஒரு எண் எழுந்தது.

"இது அந்த அறையோட வால்வு. எவ்வளவு கேஸ் தேவையோ, அவ்வளவுக்குத்தான் தெறக்கும்."

ஒரு அறையில் குளிரைக் கூட்டச் சொன்னார். அந்த எண் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்தில் மெஷினின் முனகலும் ஏறியது. மூன்று மாடிக்குக் கீழே யாரோ பட்டனை அழுத்தியதற்கு, இது மூச்சை மாற்றிக்கொள்கிறது! மேலே வந்த சூடான காற்றில் கையை நீட்டினேன். அத்தனை அறைகளின் வெக்கையும் என் உள்ளங்கையில்.

"இதே வேணும்" என்றேன்.

நானா திரையை மூடினார். "இங்க எந்த நாளும் ஆள் நெறஞ்சிருக்கும். ஒங்கட எடத்துல சனி ஞாயிறு விட்டு, கிழமை நாள்ல எத்தன அறை போகும்?"

"ஒண்ணு. சில நாள் அதுவும் இல்ல."

"ஒரு சின்ன அறைக்காக இவ்வளவு பெரிய மெஷின் அந்தளவு வேகம் கொறஞ்சு ஓடாது. நின்டு நின்டு ஓடும். அதோட ஒங்கட பக்கத்து இடி. இடியில வெளி மெஷின்ட சர்க்கிட் போர்ட் போச்சுண்டா ஆறு அறையும் போச்சு. சாமான் கொழும்புல இருந்து வரணும்."

"பெரிய வேலைய நீங்களே வேணாங்கிறீங்களே, நானா?"

"கெட்டுப் போனா ஏச்சு வாங்கப் போறது நான்தானே!"

சிரித்துவிட்டோம். ஆறு தனித்தனி ஏ.சி. என்று முடிவானது. வெளிப் பெட்டிகளைப் பின்பக்கம், காற்று போக இடம் விட்டு வரிசையாக வைத்தார்.

அந்த ஐப்பசியில் ஒரு பகல், ஐந்து அறையில் ஆள் இருக்கும்போது பெரிய இடி விழுந்தது. கரண்ட் திரும்பியபோது ஒரு அறை ஏ.சி. மட்டும் எழும்பவில்லை. அந்த அறையிலிருந்த வயதான தம்பதியைக் காலியாக இருந்த ஆறாவது அறைக்கு மாற்றினோம். பிறகு குடையோடு பின்பக்கம் போனேன். கொட்டும் மழையில் ஒரு விசிறி செத்து நிற்க, மற்ற ஐந்தும் அதது தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. நனைவதையும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.