அப்பா உள்ளே போன இரண்டு நாள்

பத்து வயதில் நான் ஒரு சாவுச் செய்தியை விழுங்கினேன். இன்றுவரை அது செரிக்கவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சிவன் கோயிலில் அப்பாதான் குருக்கள். அந்தக் கருவறைக்கு ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு வாசல். தீட்சை வாங்கிய அப்பா குளித்து, ஈர வேட்டியோடு வாசலுக்கு முன்னால் நின்று, மந்திரம் சொல்லி விரல்களையும் மார்பையும் தலையையும் தொட்டுக்கொள்வார். சிவனைத் தொடுகிறவன் முதலில் தன் உடம்பைச் சிவனாக்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் படி தாண்டலாம். கும்பாபிஷேகத்தன்று கும்பத்து நீரால் அந்தக் கல்லுக்கு உயிர் ஊட்டியிருக்கிறார்கள். அந்த உயிர் கலையக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை கெடுபிடி. கலெக்டர் வந்தாலும் வெளியேதான். பெற்ற பெண் நானும் வெளியேதான். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பத்து நாள் அப்பாவும் வெளியேதான். இந்தக் கடைசி விதிதான் என்னைக் கெடுத்தது.

அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மறுநாள் ஆபரேஷன். சித்தி துணைக்கு இருந்தாள். அப்பா சாயங்கால பூஜைக்குப் போயிருந்தார். போனைக் கோயிலுக்கு எடுத்துப் போகமாட்டார். அது அடித்தது. சென்னையிலிருந்து பெரியப்பா பையன், அப்பாவின் சொந்த அண்ணன் மகன்.

“அப்பா போயிட்டார்டி. சித்தப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லு. நாளைக்குக் காலைல எடுக்கணும். சித்தப்பா வந்து முகத்தப் பாக்கட்டும், அதுவரைக்கும் வச்சிருக்கோம்.”

கோயிலுக்கு ஓடினேன். சொல்லத்தான் ஓடினேன். போய்ச் சேரவும் மணி அடித்துத் திரை விலகவும் சரியாக இருந்தது. முதலில் அடுக்கு தீபம், பிறகு ஒற்றைத் தீபம், கடைசியில் கற்பூரம். பாதத்தில் சுற்றி, நாபியில் சுற்றி, முகத்துக்குக் கொண்டுபோனார். அந்த இருட்டில் சுவாமியின் முகம் ஒரு நொடி தெரிந்தது. தட்டு வெளியே வந்தது. எல்லோரும் சுடரில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நடவுக்குப் போய் வந்த ஒரு அக்கா அப்பாவிடம் கேட்டாள்.

“ஏன் சாமி, நம்ம கொற அவருக்குத் தெரியத்தான இந்த வெளிச்சம்?”

“அவருக்கு எதும்மா தெரியாது? நாமதான் இருட்டுல நிக்கறோம். அவர் முகத்த நாம பாக்கறதுக்குத்தான் விளக்கு. கற்பூரம் பாரு, எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாது. ‘நான்’ங்கறதும் அப்படிப் போகணும்.”

எனக்கு அது காதில் ஏறவில்லை. அப்பா உள்ளே போய்ப் பூஜை செய்தால்தான் அம்மா பிழைப்பாள், நான் வாயைத் திறந்தால் அப்பா உள்ளே போக முடியாது. என் கணக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நானே சென்னைக்குப் போன் செய்தேன்.

“அப்பாகிட்ட சொல்லிட்டேண்ணா. அம்மாவுக்கு ஆபரேஷன், வர முடியாதுன்னார். காத்திண்டிருக்க வேண்டாமாம்.”

அவர்கள் காத்திருக்கவில்லை.

அப்பா மறுநாள் விடியற்காலை பூஜையை முடித்துவிட்டு பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். ஆபரேஷன் முடிந்து அம்மா கண் திறந்தாள் என்று சாயங்காலம் வந்து சொன்னபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. இந்தத் தடவை அப்பா எடுத்தார். “பத்தாம் நாள் காரியத்துக்காவது வந்துடுங்கோ சித்தப்பா” என்ற குரல் எனக்கே கேட்டது.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. பக்கத்து ஊர்க் குருக்களைக் கூப்பிட்டுக் கோயில் சாவியைக் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

“தீட்டோட உள்ள போனேளே, சாமி கோச்சுப்பாரா அப்பா?”

“காதுல விழுந்தப்புறம்தாண்டி தீட்டு. எனக்குத் தெரியாது. நான் காட்டின தீபத்துல தப்பில்லே. நீ பயப்படாதே.”

ஆறாம் நாள் அம்மாவும் போய்விட்டாள். நான் செய்த பாவம் எதற்கும் உதவவில்லை.

அம்மாவின் காரியங்களுக்கு நடுவே, கூடத்துச் சுவரில் சாய்ந்து அப்பா போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தபோது பெரியப்பாவை எடுத்த படத்தைச் சென்னையிலிருந்து பிற்பாடு அனுப்பியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி மேல் மாலையும் ட்யூப் லைட் வெளிச்சமும் விழுந்து முகம் சரியாகத் தெரியவில்லை. அப்பா இரண்டு விரலால் அதைப் பெரிதாக்குவார், நகர்த்துவார், மறுபடி பெரிதாக்குவார். தீபத்தில் தப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் என் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். அந்தப் படத்தில் அவர் அப்படி எதைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.