சிவப்பு இல்லாத மையம்

அஞ்சாவது வரைக்கும்தான் எனக்குப் படிப்பு. எழுத்து கோணலாத்தான் வரும். நடந்ததும் முன்னே பின்னே மறந்துபோகுது. பொறுத்துக்கணும்.

மாரண்டஹள்ளி பக்கத்தில் ஒரு அங்கன்வாடியில் நான் ஆயா. சமையலோட, மாசாமாசம் பிள்ளைகளைத் தராசில் உட்கார வைத்து எடையைச் சொல்றதும் என் வேலை. டீச்சர் அதைப் போனில் ஏத்துவாங்க. எடை ரொம்பக் குறைஞ்ச பிள்ளைக்குப் போனில் சிவப்பு நிறம் வரும். சிவப்பு அதிகமான மையத்து டீச்சரைக் கூட்டத்தில் எழுப்பி நிக்க வைப்பாங்க. எங்க டீச்சர் ஒரு தடவை நின்னாங்க. அதுக்கப்புறம் எங்களுக்குச் சிவப்பே வரலை.

ரெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. அம்மா தக்காளி மண்டிக்குக் கூலிக்குப் போறவ. ஒரு மாசம் அதைத் தராசில் வைத்து நான் "ஏழு கிலோ எண்ணூறு" என்றேன். டீச்சர் ஒம்பது கிலோ நூறுன்னு ஏத்தினாங்க.

"அடுத்த மாசம் ஏறிடும் ஆயா. வெளியே வாயைத் திறக்காதீங்க."

"என்னிக்குத் திறந்தேன்?"

டீச்சர் சிரிச்சாங்க. அடுத்த மாசமும் தராசு அதே ஏழு எண்ணூறு. போனில் ஒம்பது முந்நூறு. அவ அம்மா கேட்டப்ப, நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்.

அப்புறம் புது சூப்பர்வைசர் மேடம் வந்தாங்க. "எத்தனை சிவப்புன்னு கேக்க மாட்டேன். சீட்டுப் போட்டு அஞ்சு பிள்ளையை என் கண் முன்னாடி எடை போடுவேன். போனில் இருக்கிறதோட ஒத்துப்போகணும். சிவப்புப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்களா, திரும்பி வந்து எடை ஏறுச்சா, அதைத்தான் கேப்பேன்" என்றாங்க.

வந்த அஞ்சு சீட்டும் நல்லா இருக்கிற பிள்ளைங்க பேரு. எல்லாம் ஒத்துப்போச்சு. மேடம் பையை எடுத்தாங்க.

அந்தப் பொண்ணு சுவரோரம் சாஞ்சிருந்தா. விளையாடலை, அழக்கூட இல்லை. சொன்னா எங்க ரெண்டு பேர் வேலையும் போகும். சொல்லலைன்னா அடுத்த சீட்டு அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் இது இருக்குமா? அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தராசில் உட்கார வைத்துவிட்டேன்.

ஏழு அறுநூறு.

மேடம் கைச் சுற்றளவு பாக்கிற கலர் நாடாவைப் பொண்ணோட மேல்கையில் சுத்தினாங்க. அதுவும் சிவப்பில் நின்னுச்சு. "போன மாசம் எவ்வளவு ஏத்தினீங்க டீச்சர்?" டீச்சர் போனைத் திறந்து மேடத்துக்கிட்ட நீட்டினாங்க.

அன்னிக்கே தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போகும்போது அவ அம்மா என்னைப் பார்த்து, "போன மாசம் நல்லா இருக்குன்னீங்களே ஆயா?" என்றா. திட்டியிருந்தாத் தேவலை.

சில வாரம் கழிச்சு பொண்ணு எட்டு முந்நூறோட திரும்பி வந்தா. இப்ப பக்கத்துத் தட்டு முட்டையைப் பிடுங்கறா. பார்த்தா சந்தோஷம்தான். ஆனா டீச்சர் எடையைக் கூட்டி ஏத்தின பிள்ளை அது ஒண்ணு மட்டும் இல்லை. சிலது வேற ஊருக்குப் போயிடுச்சு. யாராரு, எத்தனை கிலோ, எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. இதைப் படிக்கிறவங்க யாராவது அந்தப் பழைய எடையை நம்பாம, அந்தப் பிள்ளைங்களைத் தேடிப்பிடிச்சு இன்னொரு தரம் தராசில் வைத்துப் பாருங்க.