ஈரத் தோலில் அடித்த முளை

முன்னறையில் 'தொப்'பென்று ஒரு சத்தம். அடுக்களையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணுவின் கை அப்படியே நின்றது. இருபது வருடமாகச் சிராங்கூன் சாலையில் செருப்புத் தைக்கிறவனுக்குச் சத்தமே போதும். விழுந்தது செருப்பு. அதுவும் ஒற்றைச் செருப்பு.

"ஏங்க, சந்திரமதி வந்திருக்கு" என்று மனைவி மங்களம் குரல் கொடுத்தாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான். சந்திரமதி, வண்டிக்காரர் சேதுபதியின் மனைவி. ஆறு நாளைக்கு முன்னால் எருமைக் கொட்டில் பக்கத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் சேதுபதியின் வலது காலில் ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்பது இந்த ஊரிலேயே செல்லக்கண்ணு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தான். தரையில் சேதுபதியின் வலதுகால் செருப்பு கிடந்தது. பெருவிரல் வார் அடித்தோலை விட்டுப் பிடுங்கிக்கொண்டு, அறுந்த நாக்கைப் போலத் தொங்கியது.

"கை தவறி விழுந்துடுச்சுண்ணே" என்றாள் சந்திரமதி. "இதைத் தைச்சுக் குடுங்க. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில பாக்க விடுவாங்க. தைச்சுக் கொண்டாந்து கட்டிலுக்குக் கீழ வைன்னு அவரு ஒரே பிடிவாதம்."

செல்லக்கண்ணு செருப்பைப் புரட்டினான். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை வாய் பிளந்திருந்தது. வார் உருவாமல் இருக்க அவன் வைத்த தோல் முளையைக் காணவில்லை.

முளை வைத்த அன்றைக்கு நல்ல மழை. இதே வார் பிய்ந்துபோய், நனைந்த செருப்போடு சேதுபதி வந்து நின்றார். "காய வச்சு நாளைக்குத் தைச்சுத் தர்றேன்" என்றான் செல்லக்கண்ணு. "அட, வண்டி நடுரோட்டுல நிக்குது. எதையாச்சும் வச்சு அடிய்யா. நான் என்ன இதைப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கா போறேன்?" என்று சிரித்தார் அவர். செல்லக்கண்ணும் சிரித்தான். தோலைச் சுருட்டி ஒரு முளை செய்து, வாரின் நுனியை அதில் கோத்து, அடியில் இழுத்து இறுக்கினான். ஈரத் தோல் முளையைத் தாங்காது, இழுக்க இழுக்க ஓட்டை விரியும் என்று தெரிந்தே செய்தான். "ஒரு வாரம் தாங்கும்" என்றும் சொன்னான். பாவி! மூன்றாம் நாளே வார் உருவி, கால் இடறி, சக்கரத்தின் முன்னால் விழுந்தார் சேதுபதி.

இப்போது தோல் நன்றாகக் காய்ந்திருந்தது. அவன் முன்பக்கத் தையலைப் பிரித்து அடித்தோலின் இரண்டு அடுக்கையும் விரித்தான். நைந்த நுனியை வெட்டி எறிந்து, வாரில் புதுத்துண்டு சேர்த்துத் தைத்தான். விரிந்த ஓட்டைக்கு உள்ளே ஒட்டுத்தோல் கொடுத்து, அதில் புதிதாகக் கீறி, வாரை இறக்கி, நுனியைப் பிரித்துப் பரப்பினான். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இரு பக்கமும் இழுத்து இழுத்து, அன்று போடாத தையலையெல்லாம் இன்று போட்டான்.

"கால் வீங்கியிருக்குமேம்மா. வாரைக் கொஞ்சம் தளர விடட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தான். சந்திரமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காலுக்குண்ணே?"

குத்தூசி விரலில் ஏறியது. அவனுக்கு உறைக்கவில்லை.

"முந்தாநாள் எடுத்துட்டாங்க. விஷம் ஏறிடுச்சாம். காய்ச்சல் மயக்கத்துல அவருக்கு இன்னும் தெரியாது. போர்வையை விலக்க விடாம பக்கத்துலயே கிடக்கேன். வலது பெருவிரல் அரிக்குது, சொறிஞ்சு விடுங்கிறாரு. நான் போர்வைக்குள்ள கைய விட்டு வெறும் மெத்தையச் சொறியறேண்ணே!"

"அடி தாயே!" என்று மங்களம் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தங்கச்சி" என்றான் செல்லக்கண்ணு. "அன்னைக்கு மழையில நான் அந்த..."

"சொல்லாதீங்க!" அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எதுவா இருந்தாலும் இன்னைக்குச் சொல்லாதீங்க. அவரு மாட்டைத்தான் திட்டிக்கிட்டுக் கிடக்காரு. யார் மேலயாவது எனக்குக் கோபம் வந்துட்டா, அப்புறம் நிக்கத் தெம்பு இருக்காது. தைச்சுக் குடுங்க, போதும்."

சொல்லியாவது அழலாம் என்றிருந்தவனுக்கு அந்த வழியும் அடைபட்டது. கடைசித் தையலை இழுத்து முடிச்சிட்டான். சுத்தியலால் தட்டிச் சமன் செய்தான். வாரைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"நல்லாத் தாங்குமாண்ணே? அவரு கேப்பாரு."

"ஆயுசுக்கும் தாங்கும்மா."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. ஐயோ, அந்த வார்த்தையை எதைப் போட்டுத் தைத்து மூடுவது?

சந்திரமதி செருப்பைத் துடைத்து, முந்தானையில் குழந்தையைப் போலச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வர்றேண்ணே. வர்றேங்க்கா." வெளியே தூறல் பிடித்திருந்தது.

"நனைய விடாதேம்மா" என்றான் செல்லக்கண்ணு, அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

சாரல் உள்ளே அடிக்கவே, மங்களம் கதவைச் சாத்தினாள்.