இருமாத பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். நோய் எதுவானாலும் சரி, கூட வந்தவர் எவ்வளவு சத்தம் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே வைத்தியத்தின் வேகம் இருந்தது.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு ஓர் அரசு அதிகாரி தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி, மைத்துனி, டிரைவர், பிளாஸ்க்கோடு ஒரு பியூன். பையனுக்கு இரண்டு வயது. நாய் குரைப்பது போல இருமினான். அழும்போது மூச்சை இழுக்கையில் தொண்டை கரகரவென்று கத்தியது. "எந்தா, இவிடெ டாக்டர்மார் ஆரும் இல்லே?" என்று அதிகாரி கேட்டதும் என் சீனியர் ஓடினார், நர்சுகள் ஓடினார்கள், நானும் ஓடினேன்.

பையனுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், லேசான காய்ச்சல். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே பிஸ்கட் தின்றான், தண்ணீர் குடித்தான். அழுகை நின்றதும் மூச்சுச் சத்தமும் நின்றது. க்ரூப். குரல்வளைக்குக் கீழே வைரஸால் வரும் வீக்கம். ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்துச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மூன்று நர்சுகளும் ஒரு சீனியரும் நானும் கைகட்டி நின்றோம்.

சுவரோரப் பெஞ்சில் இருபது நிமிடமாக இன்னொரு குடும்பம் காத்திருந்தது. தென்காசிப் பக்கத்துக் கொத்தனார், நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கட்டட வேலை. மனைவியும் நாலு வயது மகளும். நான் அவர்களை இரண்டு முறை கடந்து போயிருந்தேன். பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததால் அவசரமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். என் படிப்பின் லட்சணம் அது.

மூன்றாம் முறைதான் நின்று பார்த்தேன். பிள்ளை தாயின் மடியில் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, மோவாயை நீட்டி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். எச்சில் கவுன் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. இருமலே இல்லை. மூச்சை இழுக்கும்போது மெல்லிய குறட்டை போல ஒரு சத்தம்.

"எப்போலருந்து?"

"காலைல நல்லாத்தான் விளையாண்டா டாக்டரம்மா" என்றாள் தாய். "பத்து மணிக்குக் காய்ச்சல் அடிச்சுது. அப்புறம் எச்சி கூட முழுங்க மாட்டேங்கா. பேசுனா வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பேசுன மாதிரி இருக்கு. படுக்கப் போட்டா துடிக்கா."

கொத்தனார் ஒரு கிளினிக்கின் சீட்டை நீட்டினார். 'க்ரூப்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

இது குரல்வளை மூடியின் வீக்கம். பாக்டீரியா வேலை, நாளில் அல்ல, மணிக்கணக்கில் முற்றும். பிள்ளையை அழவைத்தாலோ மல்லாத்தினாலோ தொண்டைக்குள் எதையாவது விட்டாலோ மூச்சுப்பாதை மொத்தமாக அடைத்துக்கொள்ளும். மயக்க மருத்துவரையும் தொண்டை சர்ஜனையும் கூப்பிட நர்சை போனுக்கு அனுப்பினேன்.

அதற்குள் சீனியர் டார்ச்சும் மரக் குச்சியுமாக வந்தார். நகரில் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீவராகம் பகுதிக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"படுக்க வை. நாக்கை அமுக்கிப் பாத்தாத் தெரிஞ்சுடப் போறது."

"தொடாதீங்க சார். எபிகுளோட்டைட்டிஸ்."

"புஸ்தகத்துல படிச்சதெல்லாம் இங்க வராது, கேட்டியா. வேணும்னா எக்ஸ்ரேக்கு அனுப்பு."

எக்ஸ்ரே அறை நீண்ட வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. வழியில் மூச்சு நின்றால் டிராலி தள்ளுகிறவர்தான் கூட இருப்பார். நான் நகரவில்லை. தாயின் கையிலேயே ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொடுத்து, மூக்கருகே சும்மா பிடிக்கச் சொன்னேன்.

அப்போது கொத்தனார் மெல்லக் கேட்டார். "சத்தம் கொறஞ்சிருக்குல்லா, இப்போ தேவலையா?"

குறைந்துதான் இருந்தது. ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே சதை முன்பைவிட ஆழமாகக் குழிந்தது, கண்கள் செருகின. பிள்ளை களைத்துவிட்டாள், உள்ளே போகும் காற்றே குறைந்துவிட்டது. சீனியரின் முகம் அப்போதுதான் மாறியது. குச்சியைப் பையில் போட்டுக்கொண்டார்.

சக்கர நாற்காலியில், தாயின் மடியில் உட்கார்ந்தபடியே பிள்ளை ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். ஊசி கூடப் போடவில்லை. மயக்க மருத்துவர், குள்ளமான ஓர் அம்மா, பிள்ளையை உட்காரவைத்தே வாயுவைக் கொடுத்துத் தூங்கவைத்தார். கழுத்தில் துளைபோட சர்ஜன் கையுறையோடு பக்கத்தில் தயாராக நின்றார். உள்ளே குரல்வளை மூடி கோவைப்பழம்போலச் சிவந்து உப்பியிருந்தது. வழக்கமான அளவைவிடச் சிறிய குழாய்தான் நுழைந்தது. ஆன்டிபயாடிக் அதன் பிறகே ஏறியது. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். அதன் பிறகும் ஆன்டிபயாடிக் ஊசி தொடர்ந்தது, போட்டது நான்.

அடுத்த வார டாக்டர்கள் கூட்டத்தில் சீனியர் இந்தக் கேஸை விளக்கினார். "பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வந்தது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இருபது நிமிடப் பெஞ்சைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் கொத்தனார் அந்தச் சீனியரைத் தேடிப்போய்க் கும்பிட்டார். அவரும் ஏற்றுக்கொண்டார். பிள்ளை என்னைப் பார்த்ததும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கட்டிய தொண்டையில் சொன்னாள்: "ஊசி போடுற அக்கா வருது."