மணிக்கணக்கில் மெஹந்தி

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு மெஹந்தி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா போர்வெல் வண்டி வைத்திருந்தவர். மணப்பெண்ணுக்கு முழங்கை வரை இரண்டு கைகளும் கால்களும் சேர்த்து ஒரே தொகை என்றேன். சரியென்றார். விருந்தாளிகளுக்குக் கைக்கு நூறு ரூபாய் என்றதும் யோசித்தார்.

"எத்தன கை வரும்னு ஆருக்குத் தெரியுமுங்க? எங்க வண்டிக்கு அடிக்கணக்கு. ஆழம் தெரியாம ஒத்துக்கிட்டவங்க படற பாடு எனக்குத் தெரியும். மணிக்கணக்கா வெச்சுக்கலாமுங்க."

விருந்தாளிகளுக்கு மணிக்கு எண்ணூறு, மூன்று மணி நேரம் என்று முடிந்தது.

மெஹந்தி அன்று அவரே வாசலில் நின்று பெண்களை வரிசையாக அனுப்பினார். ஆனால் ஒருத்தி செல்போனில் டிசைன் தேடினாள். இன்னொருத்தி பாதியில் கையை இழுத்துக்கொண்டு யாரிடமோ பேசப் போனாள். "சாமி, வெரசா வந்து உக்காரு" என்று அவர்தான் அவளிடம் கெஞ்சினார். கைக்கணக்கென்றால் எனக்குப் பதறியிருக்கும். அன்று நிம்மதியாகக் காத்திருந்தேன்.

கடைசிப் பெண்ணும் எழுந்தபோது பத்து நிமிடம் மீதமிருந்தது. கோன்களை எடுத்துவைக்கப் போனேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்து, காய்ப்புக் காய்த்த வலது கையை நீட்டினார்.

"இன்னும் நேரம் இருக்குதுங்களே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வட்டமும் சுற்றிலும் இலைகளும் போட்டேன். பணம் தரும்போது இடது கையால் கொடுக்க மனமில்லாமல் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.