கை முந்திய ஆய்வுச் சுருக்கம்

அந்த ஆய்வுச் சுருக்கத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அவள் சேந்தமங்கலத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவள், என்னை அக்கா என்பாள். மாநாட்டில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் அவளால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அதற்கு வாங்கிய கால நீட்டிப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் வாய் இருந்தது.

அவளுடைய ஊர்ப்பக்கம் தெலுங்கும் தமிழும் பேசும் கதைசொல்லிகளிடம் ஒரே கதையை இரண்டு மொழியிலும் சொல்லச் சொல்லிப் படம் பிடித்திருந்தோம். பூசணிக்காய் உருண்டது என்று சொல்லும்போது கையும் உருளும் அல்லவா? அந்தக் கை எப்போது கிளம்புகிறது, 'உருண்டுச்சு' என்ற சொல் எப்போது வாயிலிருந்து வருகிறது, இதுதான் எங்கள் கேள்வி. படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி இரண்டையும் குறித்தோம். பொதுவாகக் கை கொஞ்சம் முந்தும். எங்கள் கணக்கில் தெலுங்கில் கொஞ்சம்தான் முந்தியது, தமிழில் நன்றாகவே முந்தியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெளியே பேசும் மொழியில் சொல்லைத் தேட நேரமாகிறது, கைக்குப் பொறுமை இல்லை என்று விளக்கம் எழுதினேன். வழிகாட்டியிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் மறுப்புச் சொல்லாமல் தட்டச்சு செய்தாள்.

அனுப்பக் கடைசி நாள் மதியம், சுருக்கத்தோடு ஒரு படவரிசை வைக்கலாம் என்று அவளுடைய அத்தையின் பதிவைத் திறந்தோம். அந்தம்மா தமிழ்க்கதையை முடித்ததும், "அவ்ளோதானுங்க, போயிப் பொழப்பப் பாருங்க" என்று இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவார். திரையில் கைகள் சேர்ந்தன, பிரிந்தன. அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது.

கைதட்டலில் எந்தச் சொல்லைத் தேடுவது? சத்தம் பிந்துகிறது என்றால் கோளாறு எங்கள் பதிவில்தான்.

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. அக்கம்பக்கத்து நெசவுத் தறிச் சத்தத்தில் கேமராவின் ஒலி தெளிவாக இருக்காது என்று குரலைத் தனிக் கருவியில் பதிந்திருந்தோம். தொடக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி இரண்டையும் பொருத்தினோம், அதோடு விட்டுவிட்டோம். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. பதிவு நீள நீள ஒலி பின்தங்கியது. பின்தங்கியது எல்லாம் தமிழ்க் கணக்கில்தான் விழுந்தது, ஏனென்றால் எந்த வீட்டிலும் நாங்கள் தெலுங்கைத்தான் முதலில் கேட்டோம், பதிவை நிறுத்தாமலே தமிழை அடுத்து. அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எடுத்த எடுப்பில் தமிழில் சொல்லுங்கள் என்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தோம். பாதிப் பேரிடம் மாற்றிக் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். மரியாதை பார்த்து மோசம் போனோம்.

கேமராவின் சொந்த ஒலியில், தறி இரைச்சலுக்கு நடுவிலும், சில பலத்த சத்தங்கள் கேட்டன. ஒவ்வொரு பதிவிலும் முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று பிடித்துக் குரல் பதிவின் நீளத்தைச் சரிசெய்து, சொற்களின் நேரத்தைத் திரும்பக் கணக்கிட்டோம். வித்தியாசம் கரைந்துபோயிற்று. இரண்டு மொழியிலும் கை ஏறக்குறைய ஒரே அளவுதான் முந்தியது. இதை மாநாட்டில் எவன் சேர்த்துக்கொள்வான் என்று நான் மேசையில் ஓங்கி அடித்தேன். ஆய்வேடு போச்சே என்று அவளுக்காக எனக்கு அழுகையே வந்தது. அவள் என் விளக்கப் பத்தியை முழுதாக அழித்தாள். ஒலி நழுவியதையும், சரிசெய்த விதத்தையும், வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் எழுதினாள். பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டாள்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. பேசும் வாய்ப்பு இல்லை, சுவரொட்டியாக வைக்கலாம் என்றார்கள். ஆய்வேட்டுக்கு அது போதும். ஓமலூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ வாங்கிக் கொடுத்து, பிழைத்தாய் போ என்றேன். அந்த விளக்கம் மட்டும் நின்றிருந்தால் உன்னை மேடையிலேயே ஏற்றியிருப்பார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் டம்ளரைப் பலகையில் வைத்தாள்.

"ஏனுங்க்கா, நானும் ஊட்டுல தெலுங்குதானுங்க. இத்தன வருசமா உங்ககூடத் தமிழ்ல பேசறப்பெல்லாம் நான் வார்த்தைக்குத் தடுமாறறேன்னுதான் நெனச்சீங்களா?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் பேச்சை நான் எத்தனை முறை பாதியில் பிடுங்கி முடித்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆமாம் என்றேன்.