மெசினுக்குக் கிடைத்த பாராட்டு

சுனாமிக்கு அடுத்த வருடம், என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. மட்டக்களப்பு நாவற்குடாவில் வாவிப் பக்கமாக ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அலுவலகம் வைத்திருந்தது. அதன் குசினியில் சமையல் முழுக்க என் பொறுப்பு. கதிரவெளியில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. நானும் கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் தப்பி, நாவற்குடாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில் இருந்தோம். கடலுக்குப் போக வள்ளம் இல்லாத கணவர் மேசன்மாருக்குக் கையாளாகப் போய்வந்தார். அவருக்கு வேலை கிடைக்காத நாட்களிலும் எங்கள் அடுப்பு எரிந்ததென்றால், அது அந்தக் குசினியால்தான்.

காலையில் பதினாலு பேருக்குத் தேத்தண்ணியும் கோப்பியும், பகலுக்குச் சோறும் கறியும். கோப்பியை நான் எங்கள் முறைப்படிதான் போட்டேன். கோப்பிக்கொட்டையோடு கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூளைக் கொதிநீரில் போட்டு, மண்டி அடங்கியதும் ஊற்றிக் கொடுப்பேன். எங்கள் பெரிய அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நெடுநெடுவென்று உயரம். எல்லோரும் மேடம் என்போம். அவர் அதைக் குடித்துவிட்டு மருந்து குடித்த பிள்ளைபோல நன்றி சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

அலுவலக நிர்வாகத்தைப் பார்த்தவர் மட்டக்களப்பு டவுன்காரர். சேர் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் செலவைச் சுருக்கிவிட வேண்டும் என்று நிற்பவர். ஒருநாள் கொழும்புக்குப் போனவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கோப்பி மெசின். கடையில் இருந்தவற்றிலேயே மலிவானது அதுதான் என்று பெருமையாகச் சொன்னார்.

“இனி ஒரு வேலையும் இல்ல தங்கச்சி. தண்ணிய ஊத்துங்க, தூளப் போடுங்க, சுவிச்சப் போடுங்க. அவ்வளவுதான்.”

‘ஒரு வேலையும் இல்ல’ என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சுவிச்சைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. மெசின் குளறிக் குளறி, வடிகட்டும் கடதாசி வைத்த கூடைக்குள் நடுவில் மட்டும் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீரை விட்டது. கீழே கண்ணாடிக் குடுவையில் இறங்கியது வெளிறிய ஒரு தண்ணி. வாயில் வைத்தால் புளிப்பு. பால் விட்டால் ஆறிய பால். மேடம் பாதியோடு கோப்பையை வைத்துவிட்டார். சேர் என்னைப் பார்த்தார்.

“தூள் காணாது போல.”

இரண்டு மடங்கு போட்டேன். புளிப்பும் இரண்டு மடங்கானது. எங்கள் ஊர்த் தூளைப் போட்டுப் பார்த்தேன். அது மாவாக இருந்ததால் கடதாசியை அடைத்து, கூடை நிரம்பி மேசையெல்லாம் ஓடியது. “மெசின்ல பிழை இல்ல, போடுற ஆள்லதான்” என்று சேர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. பதினேழு வயதிலிருந்து அடுப்போடு மல்லுக்கட்டுகிறவளை ஒரு பிளாஸ்டிக் பெட்டி தோற்கடிப்பதா? எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அலுவலகத்தில் கிணறுகளைச் சோதிக்கும் பிரிவில் ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருந்தார். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சுனாமி உப்பாக்கிய கிணறுகளில் விட்டுப் பார்க்கிற கருவிகளோடு அவரிடம் நீளமான ஒரு வெப்பமானியும் இருந்தது.

“காக்கா, இந்தச் சனியனுக்கு ஒருக்கா காய்ச்சல் பாருங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டு வந்தார். நாலு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றி மெசினைப் போட்டேன். வெப்பமானியைக் கழுவி, கூடைக்குள் ஈரத் தூளில் பிடித்தார். முதலில் எழுபதைக்கூடத் தொடவில்லை. முடியும்போது எண்பதைக் கொஞ்சம் தாண்டியது. காஸ் அடுப்பில் கொதித்த என் கேத்தலுக்குள் விட்டார். நூறுக்குக் கிட்ட நின்றது.

“கோப்பிக்குத் தொண்ணூறுக்கு மேல வேணும் தங்கச்சி. இல்லாட்டி தூள்ல உள்ள சத்து இறங்காது, புளிப்பு மட்டும்தான் வரும்.”

மெசினைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் வளைத்த ஒரு சின்னக் கம்பிதான் எல்லாம். தண்ணீரைச் சூடாக்குவதும் அது, குடுவை இருக்கும் தட்டைச் சூடாக்குவதும் அது. கம்பியை ஒட்டிய குழாயில் தண்ணீர் கொஞ்சம் கொதித்ததும் குமிழிகள் அதை மேலே தள்ளிவிடும். மிச்சத் தண்ணீர் சூடாகும்வரை அது காத்திருக்காது. மேலே போகிற வழியில் குழாய் குளிர், கூடை குளிர், தூளும் குளிர். ஆளுக்காள் சூட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாலு கோப்பை போட்டால் மெசின் சூடாவதற்குள் கோப்பி முடிந்துவிடும்.

“வலுவான கம்பி போட்டா விலை கூடும். அதான் மலிவு” என்றார்.

எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. பிழை என் கையில் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

மறுநாள் காலை கேத்தலைக் கொதிக்கவைத்து, மெசினின் மூடியைத் திறந்து, மேடத்துக்கென்று கொழும்பிலிருந்து வந்த தூளின்மேல் என் கையாலேயே ஊற்றினேன். முதலில் தூள் நனையக் கொஞ்சம், பொறுத்து இன்னும் கொஞ்சம், பிறகு மிச்சம். ஓரத்துத் தூளையும் விடாமல் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். முடிந்ததும் மூடியை மூடி சுவிச்சைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. யார் வந்து பார்த்தாலும் மெசின் கோப்பி.

மேடம் கோப்பையோடு குசினிக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மெசினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அருமையான மெசின் என்றார். பின்னால் நின்ற சேர், தான் பெற்ற பிள்ளையைப் பாராட்டியதுபோல நெளிந்தார். நான் கேத்தலை மெல்ல ஒதுக்கி வைத்தேன். உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. இரண்டு கிழமை அந்த மெசினுக்கு நான்தான் கையும் காலும்.

பிறகு ஒரு பின்னேரம் சேர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கதைத்தார். குரல் தணிவாக இருந்தது.

“கோவிக்காதீங்க தங்கச்சி. செலவக் குறைக்கச் சொல்லி மேலயிருந்து சொல்லுறாங்க. பகல் சோறு கடையில பார்சல் எடுக்கலாம். கோப்பிக்கு மெசின் இரிக்கு, ஆரும் சுவிச்சப் போடுவாங்க. அடுத்த மாசத்தோட குசினி வேலைய நிப்பாட்டலாமெண்டு மேடத்திட்டச் சொல்லியிரிக்கன்.”

என் கையால் கோப்பி போட்டு, அந்தக் கையே வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு மடைச்சி மட்டக்களப்பிலேயே இருக்கமாட்டாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கணவர் சொன்னார், “உண்மையச் சொல்லிராதகா. ஏமாத்தினவள் எண்டு நாளைக்கே அனுப்பிருவாங்க.” காக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தேன். “சொல்லாட்டியும் போவீங்க, சொன்னாலும் போவீங்க. சொல்லிப்போட்டுப் போங்களன். நான் வெப்பமானியக் கொண்டாறன்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அடுத்த நாள் காலையில் மேடத்தையும் சேரையும் குசினிக்குக் கூப்பிட்டேன். மேசையில் மூன்று கோப்பை. முதலாவது, மெசின் தானாகப் போட்டது. இரண்டாவது, நான் கேத்தலால் ஊற்றியது. மேடம் முதலாவதைக் குடித்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவதைக் குடித்துவிட்டு, இதுதான் தினமும் குடிப்பது என்றார். நான் சொல்லச் சொல்லக் காக்கா இங்கிலீசில் சொன்னார்.

“இவ்வளவு நாளும் லைட் மட்டும்தான் மெசின்ட. மிச்சமெல்லாம் நான்.”

மேடத்தின் சிரிப்பு நின்றது. ஏன் மறைத்தாய் என்று கேட்டார். காக்காவைப் பார்க்காமல் நானே எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். “நீங்கள் சந்தோசப்பட்டீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.”

சேர் இருமினார். “அப்ப மெசினத் தூக்கி எறியவோ?”

“என்னத்துக்கு எறியிற? மூண்டாவதக் குடிச்சுப் பாருங்க சேர்.”

மூன்றாவதும் மெசின் போட்டதுதான், ஆனால் நான் பழக்கியெடுத்த மெசின். முதலில் தூள் இல்லாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டு, குழாய், கூடை, குடுவை எல்லாவற்றையும் சூடாக்கினேன். பிறகு மெசினின் தண்ணீர்த் தாங்கியில் குளிர்தண்ணீருக்குப் பதில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டேன். நாலு கோப்பை அல்ல, குடுவை நிறையப் போட்டேன். தூள் நனையத் தொடங்கியதும் கரண்டியால் மெல்லக் கிண்டிவிட்டேன், நடுவில் மட்டும் குழி விழாமல். இறங்கி முடிந்த கையோடு பிளாஸ்கில் ஊற்றி சுவிச்சை நிப்பாட்டினேன். அந்தச் சூட்டுத் தட்டில் கிடந்தால் கோப்பி காய்ந்து கசக்கும். காக்காவின் வெப்பமானி இந்தமுறை தொண்ணூறுக்குக் கிட்ட வந்து நின்றது.

மேடம் குடித்தார். இரண்டாவது அளவுக்கு இல்லை, ஆனால் நல்லது என்றார். கோப்பையை முழுதாக முடித்தார். பிறகு சேரைப் பார்த்து ஏதோ சொன்னார். சேரின் முகம் ஒருமாதிரியானது. காக்கா என் காதில் சொன்னார்: “முடிவெடுக்க முந்தி நாளைக்கு ஒருநாள் சேரைக் கோப்பி போடட்டாம். நீங்க கதிரையில இரிக்கட்டாம்.”

மறுநாள் காலை என் குசினியில் நான் கதிரையில் இருந்தேன். அந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்த நேரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். வெறும் தண்ணீரை ஓடவிட்டார். அது முடியுமுன் தொலைபேசி அடித்தது, போய்விட்டார். திரும்பி வரும்போது எல்லாம் ஆறியிருந்தது. அவசரத்தில் தாங்கிக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். கிண்ட மறந்தார். சுவிச்சையும் நிப்பாட்டவில்லை. வாசலில் கோப்பைகளோடு வரிசை சேர்ந்தது. யாரோ தேத்தண்ணி கேட்டார், யாரோ சீனி எங்கே என்று கேட்டார், அன்று நான் சமைக்காததால் பகல் பார்சலுக்குக் கணக்கெடுக்க இன்னொருவர் வந்தார். நான் எழும்பவில்லை. எழும்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சேர் முதல் கோப்பையைத் தானே குடித்தார். இரண்டாவது மிடறுக்குப் போகவில்லை. மிச்சத்தை மெதுவாகத் தொட்டிக்குள் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“தங்கச்சி, அடுத்த மாசமும் வருவீங்கதானே?”

“வருவன் சேர்” என்று எழும்பி, கேத்தலை அடுப்பில் வைத்தேன்.